ஒரே கப்பல், மூன்று விகிதங்கள்

2020 பிப்ரவரி 20ஆம் தேதி நிலவரப்படி, ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் அறுநூறுக்கும் மேற்பட்டோருக்கு கொரோனா உறுதியாகியிருந்தது. இறந்தவர்கள் இரண்டு பேர், இருவருமே 80 வயதைக் கடந்தவர்கள். வகுத்துப் பார்த்தால் 0.3 சதவீதம். முதியவர்கள் நிறைந்த கப்பலிலேயே இவ்வளவுதானா என்று அன்று யாராவது நிம்மதி அடைந்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசிக் கணக்கு வேறு. கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று, 13 பேர் மரணம். அதாவது 1.8 சதவீதம். தொற்றியவர்கள் எண்ணிக்கை கொஞ்சம்தான் கூடியது. விகிதமோ ஆறு மடங்கானது. இடையில் வைரஸ் மாறிவிடவில்லை. இந்த நோயில் அறிகுறி தொடங்கி உயிர் பிரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பிப்ரவரி 20 அன்று படுக்கையில் இருந்தவர்களில் சிலர், கணக்கில் உயிரோடு இருப்பவர்களாகவே எண்ணப்பட்டார்கள்.

நோய் வேகமாகப் பரவும் ஊரில் இந்தத் தாமதம் இன்னும் பெரிதாக ஏமாற்றும். வாரம் ஒரு முறை நோயாளிகள் இரட்டிப்பாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு முன் 100 பேர், இன்று 800 பேர். அந்த 100 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். செய்தியில் 800க்கு 8, ஒரு சதவீதம் என்று வரும். உண்மையில் அது எட்டு சதவீதம் கொல்லும் நோய்.

2003இல் சார்ஸ் பரவியபோது இதுதான் நடந்தது. தொடக்கத்தில் நான்கு சதவீதம் போலத் தெரிந்த இறப்பு விகிதத்தை, மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் 14 முதல் 15 சதவீதம் என்று திருத்தியது. எல்லாம் ஓய்ந்தபின் எண்ணியபோது 8,096 நோயாளிகளில் 774 பேர் இறந்திருந்தார்கள். பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆரம்பகால எண்கள் எப்போதும் பீதியைத்தான் கிளப்பும் என்று சொல்பவர்கள் சார்ஸை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் இழுக்கும் பிழையும் உண்டு. அதையும் அந்தக் கப்பலே காட்டியது. அங்கே இருமல், காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் பரிசோதனை செய்தார்கள். தொற்று உறுதியானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பரிசோதனையின்போது எந்த அறிகுறியும் இல்லை. உடம்பு முடியாமல் வந்தவர்களை மட்டும் சோதித்திருந்தால் 13 மரணங்களைச் சுமார் பாதி எண்ணிக்கையால் வகுத்திருப்பார்கள். விகிதம் மூன்றரை சதவீதத்தை நெருங்கியிருக்கும்.

இங்கேதான் இரண்டு அளவுகள் பிரிகின்றன. பரிசோதனையில் உறுதியானவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது நோயாளி இறப்பு விகிதம். தெரிந்தோ தெரியாமலோ தொற்றிய அத்தனை பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது தொற்று இறப்பு விகிதம். முதலாவது பரிசோதனைக் கூடங்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் சொன்ன 3.4 சதவீதம் இந்த வகைதான். பதிவான நோயாளிகளில் இறந்தவர்கள் என்றே அவர் சொன்னார். தொற்றினால் சாகும் வாய்ப்பு 3.4 சதவீதம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

தொற்றியவர்கள் எல்லோரையும் எண்ண ஒரு வழி, வீடு வீடாக ரத்த மாதிரி எடுத்து எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் ஐசிஎம்ஆர் நாடு முழுக்க அப்படிச் செய்தது. பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் 26 முதல் 32 பேர் வரை தொற்றியிருந்தார்கள் என்று தெரிந்தது. அப்போது இந்தியாவின் நோயாளி இறப்பு விகிதம் ஒன்றரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. அதை இந்த மடங்கால் வகுத்தால் 0.06 சதவீதத்தை ஒட்டி வரும். அதாவது சுமார் 1,700 பேருக்குத் தொற்றினால் ஒருவர் இறப்பார்.

அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, இது ஒன்றும் பெரிய நோயில்லை என்று வாதாடியவர்கள் உண்டு. அவர்கள் வகுத்தலின் கீழ்ப்பகுதியைத் திருத்திவிட்டு மேற்பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். பரிசோதனை செய்யாமலே வீட்டில் இறந்தவர்களின் பெயர் கொரோனாக் கணக்கில் ஏறவில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமார் 47 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அரசுப் பதிவில் இருந்ததைப்போல இது ஏறக்குறையப் பத்து மடங்கு. மத்திய அரசு இந்தக் கணக்கிடும் முறையையே ஏற்கவில்லை; அந்தச் சர்ச்சை தீரவுமில்லை.

கப்பலின் 1.8 சதவீதத்தையும் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே பயணிகளில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற வயதினர். கொரோனாவில் வயது ஏற ஏற ஆபத்து பல மடங்கு கூடியது. இளைஞர்கள் அதிகமுள்ள ஊரில் அதே வைரஸ் அதைவிடக் குறைந்த விகிதத்தில்தான் கொல்லும். ஆகவே இறப்பு விகிதம் என்று ஒரே ஒரு எண்ணை யாராவது சொன்னால், எந்த வயதினரிடம், எந்த வாரத்தில், யாரையெல்லாம் சோதித்து எடுத்தது என்று கேட்டுவிட்டுத்தான் பயப்படவோ நிம்மதி அடையவோ வேண்டும்.