அந்தச் சிரிப்பை எங்கே வெட்டுவது?

ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சிகளை எடிட் செய்யத் தொடங்கிய புதிதில், நல்ல நிகழ்ச்சி ஒன்றைக் கெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அரங்கில் 200 பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் பாதியிலேயே செல்போனை எடுத்துவிட்டார்கள். ஜோக்குகளில் குறையில்லை. ஒவ்வொரு சிரிப்பையும் முழு நீளத்துக்கு அப்படியே விட்டு வைத்திருந்தேன், அதுதான் தப்பு. அரங்கில் இருப்பவருக்கு ஏழு வினாடி போவதே தெரியாது, அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். சோபாவில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கோ மூன்றாவது வினாடியில் அது பக்கத்து வீட்டுக் கல்யாணச் சத்தம்.

ஆக, சிரிப்பை வெட்டியாக வேண்டும். ஆனால் வெட்டியது தெரியக்கூடாது. கேமராவை எங்கே வைப்பது, மைக்கை எங்கே வைப்பது என்பதெல்லாம் இந்த ஒரு கவலையிலிருந்துதான் பிறக்கின்றன.

வேலை அரங்கில் தொடங்குவதில்லை. பதிவுக்குச் சில வாரம் முன்பு அதே நிகழ்ச்சியைச் சின்ன இடத்தில் நடத்தும்போது, செல்போனில் ஒலியை மட்டும் பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்கிறேன். காமெடியன் எழுதி வைத்திருக்கும் தாள் இதற்கு உதவாது, மேடையில் அவர் வேறு ஏதோ பேசுவார். எழுதிய பிரதியின் ஓரத்தில் மூன்று விஷயம் குறிக்கிறேன்: எந்தச் சொல்லில் சிரிப்பு வெடிக்கிறது, அப்போது அவர் உடம்பு என்ன செய்கிறது, மைக் எந்தக் கையில் இருக்கிறது. மூன்றாவது குறிப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எடிட்டிங்கில் என்னை அதிகம் அழ வைத்தது அதுதான்.

பதிவு பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு ஷோ. உடை, மேடை, ஸ்டூல் மேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் இடம் என எதுவும் மாறக்கூடாது. ஒன்றில் சொதப்பியதை இன்னொன்றிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

ஐந்து கேமரா இருந்தால் வசதி. அரங்கின் பின்னால், நடுவில் இரண்டு: ஒன்று மேடை முழுவதும் தெரியும் வைடு, இன்னொன்று இடுப்புக்கு மேல் காட்டும் மிட். மிட் கேமரா காமெடியனின் கண் உயரத்தில் நிற்க வேண்டும். கீழேயிருந்து எடுத்தால் அவர் அரசியல் மேடையில் பேசுவது போல இருக்கும். மூன்றாவது, பக்கவாட்டில் க்ளோசப். மீதி இரண்டும் ரசிகர்களைப் பார்ப்பவை. க்ளோசப்பையும் இந்த இரண்டையும் அரங்கின் ஒரே பக்கத்தில் வைக்கிறேன். இடப்பக்கம் என்றால் எல்லாமே இடப்பக்கம். அப்போதுதான் திரையில் காமெடியன் வலப்புறம் பார்த்துப் பேச, ரசிகர்கள் இடப்புறம் பார்த்துச் சிரிப்பார்கள், இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது போல இருக்கும். ஒரு கேமரா எதிர்ப்பக்கம் போய்விட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். யாரோ மூன்றாவது ஆளைப் பார்த்துச் சிரிப்பது போல.

ரசிகர்கள் மேல் எவ்வளவு வெளிச்சம் போடுவது என்பதில் கேமராமேனுக்கும் காமெடியனுக்கும் சண்டை வராத பதிவை நான் பார்த்ததில்லை. முகம் தெரிய வெளிச்சம் வேண்டும். ஆனால் தன் முகம் தெரிகிறது என்று உணர்ந்த மனிதர் அடக்கித்தான் சிரிப்பார், அதிலும் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால். நான் காமெடியன் கட்சி. விளக்கைக் குறைத்துவிட்டு, படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும் என்பேன். படம் பிடிக்கப்படுவதை நுழைவாயிலிலேயே பலகையில் எழுதி வைத்துவிட வேண்டும். திரையில் வர விரும்பாதவர்களுக்கு ஓர இருக்கை.

ஒலியில் ஒரு கண்ணி இருக்கிறது. காமெடியன் குரல் மைக்கிலிருந்து நேராக ரெக்கார்டருக்குப் போகிறது. சிரிப்புக்குத் தனி மைக்குகள், ஒவ்வொன்றும் தனி டிராக். இவற்றை அரங்கின் நடுவில் தொங்கவிட்டால் ஸ்பீக்கரில் வரும் காமெடியன் குரலும் சேர்ந்து பதிவாகும், அதுவும் தாமதமாக. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 12 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு 35 மில்லி வினாடி தாமதம், கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம். இரண்டையும் கலந்தால் அவர் கிணற்றுக்குள் பேசுவது போலக் கேட்கும். டைம்லைனில் அந்த டிராக்கை அதே அளவு முன்னால் நகர்த்திச் சரிசெய்யலாம். அதைவிட, மைக்குகளை மேடை விளிம்பில், ஸ்பீக்கருக்குப் பின்னால், ரசிகர்களைப் பார்த்து வைத்துவிடுவது மேல்.

இனி எடிட்டிங். சமீபத்தில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஜோக் இது: "எங்கப்பா முதல்முறையா மேப் போட்டுட்டு வண்டி ஓட்டுறார். அந்தம்மா 'இடதுபுறம் திரும்பவும்'னுச்சு. அப்பா வண்டியை நிறுத்திட்டு டீக்கடைக்காரர்கிட்ட, 'ஏம்ப்பா, இந்தம்மா சொல்றது சரியா?'ன்னு கேக்குறார்." இங்கே முதல் சிரிப்பு. அடுத்து: "அதுக்கு அவர், 'அது புதுசா வந்த பொண்ணு சார், அதுக்கு ஊர் தெரியாது'ங்குறார்." இங்கே கைதட்டலோடு பெரிய சிரிப்பு.

முதல் ஷோவில் அப்பா கேள்வி கேட்ட நிதானம் அற்புதம். ஆனால் சிரிப்பு அடங்கும் முன்பே காமெடியன் டீக்கடைக்காரரைக் கொண்டுவந்துவிட்டார், பாதிச் சொற்கள் சிரிப்பில் மூழ்கிவிட்டன. இரண்டாவது ஷோவில் ஆறு வினாடி காத்திருந்து சொன்னார், அரங்கு அதிர்ந்தது. ஆனால் அங்கே மைக் இடக்கைக்குப் போயிருந்தது.

அப்பாவின் கேள்வியை முதல் ஷோவின் மிட் ஷாட்டில் வைத்தேன். பஞ்ச் சொல்லின் மேல் கட் செய்யவில்லை. ஜோக் முகத்தில்தான் முடிய வேண்டும். சிரிப்பு தொடங்கி எட்டு ஃபிரேம் அவர் முகத்திலேயே இருந்துவிட்டு, கணவரை முழங்கையால் இடித்துச் சிரிக்கும் ஓர் அம்மாவுக்குப் போனேன். இரண்டு வினாடி. திரும்பி வரும்போது அது இரண்டாவது ஷோ. அந்த இரண்டு வினாடியில் அவர் கை மாற்றியிருப்பார் என்று பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்கிறது. ரியாக்‌ஷன் ஷாட்டின் முக்கியமான வேலை இப்படி ஒட்டை மறைப்பதுதான்.

சத்தத்தை ஒட்ட, முதல் ஷோ சிரிப்பு உச்சம் தாண்டி இறங்கும் இடத்தில், இரண்டாவது ஷோ சிரிப்பின் வாலை அரை வினாடி கலந்து சேர்த்தேன். ஆறு வினாடி மூன்றானது. டீக்கடைக்காரர் வசனத்துக்கு முன் அவர் இழுத்த மூச்சை மட்டும் தொடவில்லை; அதை வெட்டினால் எந்திரம் பேசுவது போலாகிவிடும். கூட்டச் சிரிப்பு சுலபமாக ஒட்டும். கைதட்டல் ஒட்டாது. கூட்டத்தில் யாராவது ஒருவர் குதிரை கனைப்பது போலச் சிரிப்பார், அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தாலோ இரண்டு முறை கேட்டாலோ குட்டு வெளிப்பட்டுவிடும். ஒட்டு சரியா என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எங்கே சட்டென்று கண் திறக்கிறதோ அங்கே தப்பு.

இந்த மறைக்கும் வேலையே வேண்டாம் என்று வைத்தவர்களும் உண்டு. கிறிஸ் ராக்கின் 'கில் தி மெசஞ்சர்' 2008இல் வந்தது. ஜோகன்னஸ்பர்க், லண்டன், நியூயார்க் மூன்று ஊர்களில் வேறு வேறு உடையில் எடுத்ததை, ஒரே ஜோக்குக்கு நடுவிலேயே ஊர் மாற்றி ஒட்டியிருப்பார்கள். எந்த ஊரிலும் அதே சொல்லுக்கு அதே சிரிப்பு என்பதையே ஒரு வித்தையாகக் காட்டியது அது. ஒரு முறைக்கு நன்றாக இருந்தது.

இரவல் வாங்குவதில் எனக்கு ஒரு கோடு உண்டு. அதே அளவு சிரிப்புக்கு, அதே நிகழ்ச்சியில் சிரித்த முகத்தை வேறு இடத்திலிருந்து எடுத்து வைப்பேன். சத்தத்தை எடுத்து வைக்க மாட்டேன். மேப் ஜோக் இருந்த அதே நிகழ்ச்சியில், வாடகை வீட்டைப் பற்றிய ஒரு ஜோக்குக்கு இரண்டு ஷோவிலும் யாரும் சிரிக்கவில்லை. "வேற எங்கயாவது இருந்து கொஞ்சம் போடுங்கண்ணா" என்றார் காமெடியன். ஒரு மணி நேரம் பேசினோம். அந்த ஜோக் இப்போது நிகழ்ச்சியில் இல்லை.