முகவரி யாருடையது?

info@example.com என்ற முகவரியை @ குறி இரண்டாகப் பிரிக்கிறது. இடப்பக்கம் அஞ்சல் பெட்டியின் பெயர். வலப்பக்கம் டொமைன் பெயர். 1971இல் இந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தவர் ரே டாம்லின்சன்.

டொமைன் வெறும் பெயர்தான். கடிதங்களை வாங்கிச் சேமித்து வைப்பது மின்னஞ்சல் சேவை நிறுவனம். இரண்டையும் இணைப்பது டொமைனுக்கான MX என்ற பதிவு. அனுப்புபவரின் சர்வர் அதைப் பார்த்துத்தான் கடிதத்தை எங்கே சேர்ப்பது என்று அறிகிறது.

gmail.com முகவரியில் டொமைனும் சேவையும் கூகுளுடையவை. அந்தச் சேவையை விட்டால் முகவரியும் போய்விடும். சொந்த டொமைன் இருந்தால், MX பதிவைத் திருத்தி வேறு நிறுவனத்துக்கு மாறலாம். முகவரி அப்படியே இருக்கும். ஆனால் டொமைனைப் புதுப்பிக்கத் தவறினால், வேறொருவர் அதை வாங்கி உங்களுக்கு வரும் கடிதங்களைப் பெற முடியும். புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள்.