விளக்கெண்ணெயில் இறங்கும் எஃகு குண்டு

பதினோராம் வகுப்பில் இயற்பியல் செய்முறை செய்தவர்கள் பலருக்கு அந்த உயரமான கண்ணாடி ஜாடி நினைவிருக்கும். உள்ளே விளிம்பு வரை விளக்கெண்ணெய், வெளியே மேலும் கீழுமாகக் கட்டிய இரண்டு நூல்கள். சிறிய எஃகு குண்டு ஒன்றை எண்ணெயில் விட்டு, அது மேல் நூலைத் தாண்டும்போது நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, கீழ் நூலைத் தொடும்போது நிறுத்த வேண்டும். அந்த நேரத்திலிருந்து எண்ணெயின் பாகியல் எண்ணைக் கணக்கிட வேண்டும். கணக்கு எளிதுதான். ஆனால் வருகிற விடை புத்தகத்தில் உள்ள மதிப்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஏன் அப்படி என்று தேடிப்போனால்தான் இந்தச் சோதனையின் உண்மையான சுவை தெரியும்.

முதலில் குண்டின் மேல் என்னென்ன விசைகள் இருக்கின்றன என்று பார்ப்போம். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு குண்டு ஏறக்குறைய 33 மில்லிகிராம் இருக்கும். எண்ணெய்க்குள் அது இடம்பெயர்க்கும் எண்ணெயின் எடை 4 மில்லிகிராம். அந்த அளவுக்கு எண்ணெய் அதை மேல்நோக்கித் தாங்குகிறது; இது மிதப்பு விசை. மீதி 29 மில்லிகிராம் எடை குண்டைக் கீழே இழுக்கிறது. குண்டு நகராமல் இருக்கும்வரை இந்த இரண்டு விசைகள்தான். நகரத் தொடங்கியதும் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. குண்டின் மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெய்ப் படலம் குண்டோடு சேர்ந்தே இறங்கும். அதை அடுத்த படலம் சற்றுப் பின்தங்கும், அதற்கடுத்தது இன்னும் பின்தங்கும். படலத்துக்குப் படலம் உண்டாகும் இந்த உராய்வும், குண்டின் முன்புறம் அதிகமாகவும் பின்புறம் குறைவாகவும் இருக்கும் அழுத்தமும் சேர்ந்து குண்டை மேல்நோக்கித் தடுக்கின்றன. மொத்தத் தடையில் மூன்றில் இரண்டு பங்கு உராய்வு, ஒரு பங்கு அழுத்தம்.

எடையும் மிதப்பு விசையும் வேகத்தோடு மாறுவதில்லை, தடை மட்டும் மாறுகிறது. வேகம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். ஆகவே குண்டு வேகமெடுக்க எடுக்கத் தடையும் வளர்ந்துகொண்டே போய், அது சரியாக 29 மில்லிகிராம் எடைக்குச் சமமாகும் கட்டத்தில் குண்டை மேலும் முடுக்க எதுவும் மிஞ்சாது. அதன்பின் குண்டு மாறாத வேகத்தில் இறங்கும். இதுதான் முற்றுத்திசைவேகம். குண்டு ஏதோ காரணத்தால் அதைவிட வேகமாகப் போனால் தடை மிகுந்து பின்னுக்கு இழுக்கும், மெதுவாகப் போனால் தடை குறைந்து எடை முன்னுக்குத் தள்ளும். அதனால்தான் இந்த வேகம் தானே நிலைத்து நிற்கிறது.

தடை எவ்வளவு என்பதற்கான சூத்திரத்தை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த அவருக்கு அப்போது அக்கறை எண்ணெய்க் குண்டுகளில் இல்லை. காற்றில் ஆடும் ஊசலின் ஆட்டத்தைக் காற்றின் உராய்வு எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். F = 6πηrv என்பது அவர் கண்ட தொடர்பு. η பாகியல் எண், r குண்டின் ஆரம், v வேகம். இதை எடையில் மிதப்பைக் கழித்த மீதிக்குச் சமமாக வைத்தால் முற்றுத்திசைவேகம் கிடைக்கும்:

v = 2r²(ρ − σ)g / 9η

ρ எஃகின் அடர்த்தி, σ எண்ணெயின் அடர்த்தி. ஆரம் இருபடியில் வருவதைக் கவனியுங்கள். திருகு அளவியில் விட்டத்தை 2 விழுக்காடு தவறாகப் படித்தால் விடையில் 4 விழுக்காடு பிழை வரும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்ணெயின் வெப்பநிலை 30 டிகிரி, நூல்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர், ஜாடியின் உள்விட்டம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் குண்டு இந்தத் தூரத்தை 10 வினாடியில் கடக்கிறது. அதாவது வினாடிக்கு 3 சென்டிமீட்டர். சூத்திரத்தில் போட்டால் பாகியல் எண் 0.50 பாஸ்கல் வினாடி என்று வரும். 30 டிகிரியில் விளக்கெண்ணெய்க்கு அட்டவணை தரும் மதிப்போ 0.45. பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு.

உடனே வெப்பநிலையைத்தான் சந்தேகிக்கத் தோன்றும், அதில் நியாயமும் உண்டு. 20 டிகிரியில் இதே எண்ணெயின் பாகியல் எண் ஏறக்குறைய 0.99, 40 டிகிரியில் 0.23. பத்து டிகிரிக்குப் பாதியாகக் குறைகிறது. எண்ணெய்க்குள் வெப்பமானியை வைத்துப் பார்க்காமல் அறையின் வெப்பநிலையை எழுதிக்கொண்டால் விடை தாறுமாறாகும். ஆனால் நம் கணக்கில் வெப்பநிலை சரியாகவே இருக்கிறது. குற்றவாளி ஜாடியின் சுவர்.

ஸ்டோக்ஸின் சூத்திரம் எல்லையே இல்லாத எண்ணெயில் குண்டு விழுவதாக எடுத்துக்கொள்கிறது. ஜாடியில் குண்டு இறங்கும்போது அது விலக்கும் எண்ணெய் பக்கவாட்டு இடைவெளி வழியாக மேலே திரும்ப வேண்டும். குறுகலான சந்தில் எதிரே வருகிறவர்களை உரசிக்கொண்டு நடப்பதுபோல, சுவர் நெருங்க நெருங்கக் குண்டுக்கும் தடை கூடும். சுவீடன் நாட்டு அறிஞர் ஹில்டிங் ஃபாக்ஸேன் இதற்கொரு திருத்தம் கண்டார். குண்டு ஜாடியின் நடுவில் இறங்கினால், அளந்த வேகத்தை 1 + 2.1(d/D) ஆல் பெருக்க வேண்டும். d குண்டின் விட்டம், D ஜாடியின் உள்விட்டம். நம் குண்டு ஜாடியின் அகலத்தில் இருபதில் ஒரு பங்குதான். அதற்கே திருத்தம் பத்தரை விழுக்காடு. 0.50-ஐ 1.105-ஆல் வகுத்தால் 0.45 வந்துவிடுகிறது.

இந்தக் கோளாறை அட்டவணையின் உதவியில்லாமலேயே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதே ஜாடியில் 4 மில்லிமீட்டர் குண்டையும் விட்டுப் பாருங்கள். எண்ணெய் ஒன்றே என்பதால் பாகியல் எண்ணும் ஒன்றாகவே வர வேண்டும். ஆனால் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டால் 0.55-க்குக் குறையாது. குண்டு பெரிதாகப் பெரிதாக விடையும் பெரிதானால், அளப்பது எண்ணெயை மட்டுமல்ல, ஜாடியையும் சேர்த்துத்தான் என்று பொருள். பெரிய குண்டில் வேறொரு தொல்லையும் உண்டு. அது மூன்று வினாடிக்குள் இறங்கிவிடும். கடிகாரத்தை அழுத்துவதில் கை 0.2 வினாடி தாமதித்தாலே ஏழு விழுக்காடு போய்விடும்.

மேல் நூலை எண்ணெய் மட்டத்திலிருந்து சில சென்டிமீட்டர் கீழே கட்டச் சொல்வார்கள். குண்டு முற்றுத்திசைவேகத்தை அடைய அவ்வளவு தூரம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நம் சின்னக் குண்டு அந்த வேகத்தின் பெரும்பகுதியை முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரிலேயே எட்டிவிடும். அந்த இடைவெளி எண்ணெயின் மேல்மட்டத்தின் பாதிப்பைத் தவிர்க்கவும், குண்டைச் சுற்றிய ஓட்டம் நிதானப்படவும்தான் அதிகம் தேவைப்படுகிறது. ஜாடியின் அடிமட்டமும் சுவரைப் போலவே தடுக்கும் என்பதால் கீழ் நூலுக்கும் அடியில் இடம் விட வேண்டும். குண்டை முதலில் எண்ணெயில் நனைத்துவிட்டுப் போடுவதும் அவசியம். உலர்ந்த குண்டில் ஒட்டிவரும் காற்றுக் குமிழி அதை மேலே தூக்கி வேகத்தைக் குறைத்துவிடும்.

எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் இதே சோதனையைச் செய்யக்கூடாதா என்று கேட்கலாம். சூத்திரத்தை அப்படியே நம்பினால் 2 மில்லிமீட்டர் குண்டு தண்ணீரில் வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். உண்மையில் அரை மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். தண்ணீரின் பாகியல் எண் மிகக் குறைவு என்பதால், குண்டின் பின்னால் சுழல்கள் கிளம்பி, தடை வேகத்தின் இருபடியை ஒட்டி வளர ஆரம்பித்துவிடுகிறது. ஸ்டோக்ஸ் கண்ட தொடர்பு படலங்கள் குழம்பாமல் நழுவும் மெதுவான இறக்கத்துக்கு மட்டுமே பொருந்தும்.

திருத்தச் சூத்திரத்தையும் நம்ப மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே அளவுக் குண்டை வெவ்வேறு அகலமுள்ள மூன்று நான்கு ஜாடிகளில் விட்டு, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் பாகியல் எண்ணை d/D-க்கு எதிராக வரைபடத்தாளில் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் அமையும். அந்தக் கோட்டை d/D பூச்சியமாகும் இடம்வரை நீட்டினால், அது அச்சைத் தொடும் மதிப்புதான் சுவரே இல்லாத எண்ணெயின் பாகியல் எண்.