பின்னத்தின் அடியில் பூஜ்யம் வரலாகாதது ஏன்?

அரை என்னும் ஒரே அளவை நாம் 1/2 என்றும், 2/4 என்றும், 50/100 என்றும் எழுதுகிறோம். எழுத்தில் வேறுபட்ட இவை யாவும் மதிப்பில் ஒன்றே என்று சிறு பிராயத்திலேயே கற்றுக்கொண்டு, பிறகு அதைப்பற்றி யோசிப்பதையே விட்டுவிடுகிறோம். அவ்வாறே, பின்னத்தின் பகுதியில் பூஜ்யம் வரலாகாது என்ற விதியையும் காரணம் கேளாமல் ஏற்றுக்கொள்கிறோம். இவ்விரண்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. வேறுபட்ட பொருள்களை ஒன்றென்று கொள்வதற்கு எந்த நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்பதைத் தனிநிலைக் கணிதம் வகுத்துச் சொல்கிறது. அந்த நிபந்தனைகளைப் பின்னங்களின்மீது வைத்துச் சோதிக்கும்போதுதான், பூஜ்யத்தை விலக்கிவைத்த விதி எங்கிருந்து பிறந்தது என்பது விளங்குகிறது.

பின்னத்தை முதலில் ஒரு வரிசைச் சோடியாகக் கருதுவோம்: தொகுதி முன்னும் பகுதி பின்னுமாக, (1, 2), (2, 4), (3, 4) என்றவாறு. இரண்டு சோடிகளை எப்போது சமானம் என்று சொல்வது? வகுத்துப் பார்த்து ஒரே விடை வந்தால் என்று சொல்வதற்கில்லை. அந்த விடை என்பதே பின்னந்தான், அதை நாம் இன்னும் நிர்மாணிக்கவே இல்லை. ஆகையால் முழு எண்களையும் அவற்றின் பெருக்கலையும் மாத்திரமே துணைக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பழகிய குறுக்குப் பெருக்கலையே இலக்கணமாக வைத்துக்கொள்வோம்: a × d = b × c ஆக இருந்தால், (a, b) என்ற சோடியும் (c, d) என்ற சோடியும் ஒன்றோடொன்று உறவுடையவை. (1, 2), (2, 4) ஆகியவற்றுக்கு 1 × 4 = 2 × 2 என்பது மெய்யாதலால், அவை உறவுடையவையே.

இத்தகைய உறவு ஒன்றைச் சமானத் தொடர்பு என்று ஏற்பதற்கு மூன்று லக்ஷணங்கள் வேண்டும். ஒவ்வொரு பொருளும் தனக்குத்தானே உறவாக இருக்க வேண்டும், இது தற்சுட்டு. முதற்பொருள் இரண்டாவதற்கு உறவானால், இரண்டாவதும் முதலாவதற்கு உறவாக வேண்டும், இது சமச்சீர். முதற்பொருள் இரண்டாவதற்கும் இரண்டாவது மூன்றாவதற்கும் உறவானால், இடையில் நின்றதைக் கடந்து முதலாவதும் மூன்றாவதும் உறவாக வேண்டும், இது கடப்பு. நம் சோடிகளில் முதலிரண்டையும் நிலைநாட்டுவதற்குச் சிரமம் ஏதும் இல்லை. a × b = b × a என்பது எப்போதும் மெய்யாகையால் தற்சுட்டு உண்டு; a × d = b × c என்பதையே இடவலம் மாற்றி எழுதினால் c × b = d × a என்று வருவதால் சமச்சீரும் உண்டு. இவ்விரண்டிலும் பூஜ்யத்தைப் பற்றிய கவலையே எழவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

கடப்பைச் சோதிக்கும்போது நிலைமை வேறாகிறது. (a, b), (c, d) உறவு; (c, d), (e, f) உறவு; அதாவது a × d = b × c என்பதும், c × f = d × e என்பதும் நம் கையில் உள்ளன. a × f = b × e என்பதை நாம் அடைய வேண்டும். முதற்சமன்பாட்டை f ஆல் பெருக்கினால் a × d × f = b × c × f என்று வரும்; இரண்டாவதை b ஆல் பெருக்கினால் b × c × f = b × d × e என்று வரும். நடுவில் நிற்பது இரண்டிலும் ஒன்றே; ஆதலால் a × d × f = b × d × e. இனி இருபுறமும் உள்ள d ஐ அடித்துவிட்டால் நாம் தேடிய முடிவு கிடைத்துவிடும். ஆனால் இருபுறமும் பொதுவாக உள்ள எண்ணை அடித்துவிடும் உரிமை, அந்த எண் பூஜ்யமாக இல்லாதபோது மாத்திரமே நமக்கு உண்டு. பூஜ்யத்தால் பெருக்கப்பட்ட எந்த இரண்டு எண்களும் சமமாகிவிடுமாகையால், அங்கே அடித்தல் பொய்யான முடிவைத் தரக்கூடும். நிரூபணம் முழுவதிலும், பகுதி பூஜ்யமன்று என்ற நிபந்தனை பயன்படுவது இந்த ஓர் அடியில்தான்.

அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் உண்மையிலேயே கேடு விளைகிறதா என்று பார்க்க, (0, 0) என்ற சோடியையும் உள்ளே அனுமதித்துப் பார்ப்போம். (1, 2), (0, 0) ஆகியவற்றுக்கு 1 × 0 = 2 × 0; எனவே உறவு. (0, 0), (3, 4) ஆகியவற்றுக்கு 0 × 4 = 0 × 3; எனவே அதுவும் உறவு. கடப்பு மெய்யானால், (1, 2), (3, 4) ஆகியவையும் உறவாக வேண்டும். ஆனால் 1 × 4 என்பது 4, 2 × 3 என்பது 6. கடப்பு இங்கே முறிந்துபோகிறது. (0, 0) எல்லாச் சோடிகளுக்கும் உறவாக நிற்பதால், அதை இடைநிலையாகக் கொண்டு அரையையும் முக்காலையும், ஏன், எந்த இரண்டு பின்னங்களையும் ஒன்றாக்கிவிடலாம். பிரம்மகுப்தர் 628 இல் இயற்றிய பிராஹ்மஸ்புட சித்தாந்தத்தில், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யமே என்று விதித்தார். பூஜ்யத்தைக் குறிக்கும் (0, 1) என்ற சோடிக்கு (0, 0) உறவுடையதே. ஆனால் அதே நியாயத்தால் அது (1, 2) க்கும் (3, 4) க்கும் உறவுடையதாகையால், அதை ஓரிடத்தில் மாத்திரம் நிறுத்திவைக்க வழியில்லை.

இந்த மூன்று லக்ஷணங்களும் ஒருங்கே அமைந்தால் கிடைக்கும் பலன், பிரிவினை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு உறவான எல்லாவற்றையும் ஒரு வகுப்பில் சேர்த்தால், மொத்தக் கணமும் ஒன்றோடொன்று கலவாத வகுப்புகளாகப் பிரிந்து நிற்கும். விடுபட்டதும் இராது, இரண்டு வகுப்புகளில் இடம் பெற்றதும் இராது. விடுபடாமைக்குக் காரணம் தற்சுட்டு: ஒவ்வொன்றும் குறைந்தபட்சம் தன்னுடைய வகுப்பிலாவது உண்டு. கலவாமைக்குக் காரணம் மற்ற இரண்டு. இரண்டு வகுப்புகளுக்குப் பொதுவான ஓர் உறுப்பு இருந்தால், முதல் வகுப்பின் எந்த உறுப்பிலிருந்தும் அந்தப் பொது உறுப்புக்கும், அங்கிருந்து இரண்டாம் வகுப்பின் எந்த உறுப்புக்கும் கடப்பால் சென்றுவிடலாம். சமச்சீரால் திரும்பியும் வரலாம். ஆகவே அவை இரண்டல்ல, ஒரே வகுப்பு. பகுதி பூஜ்யமற்ற சோடிகள் இவ்வாறு பிரியும்போது உண்டாகும் ஒவ்வொரு வகுப்புமே ஒரு பின்னம். (1, 2), (2, 4), (50, 100) முதலிய எல்லையற்ற சோடிகள் அடங்கிய ஒரு வகுப்புக்கு அரை என்று பெயர். இத்தகைய பிரிவினை எளிதில் வாய்ப்பதன்று: மூன்று பொருள்களுக்குள் அமைக்கக்கூடிய உறவுகள் மொத்தம் 512, அவற்றில் சமானத் தொடர்பாவன 5 மாத்திரமே.

இங்கே மாணாக்கர்கள் பலர் ஒரு யுக்தியில் மயங்குவதுண்டு. a என்பது b க்கு உறவு. சமச்சீரால் b என்பது a க்கு உறவு. எனவே கடப்பால் a என்பது a க்கே உறவு. அப்படியானால் தற்சுட்டைத் தனியே சோதிப்பானேன் என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் a க்கு உறவாக ஏதேனும் ஒரு b இருக்கிறது என்பதை அந்த வாதம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. முழு எண்களில், பெருக்குத்தொகை பூஜ்யத்தைவிடப் பெரிதானால் உறவு என்று ஓர் இலக்கணம் வகுப்போம். ஒரே குறியுடைய எண்களே உறவாகுமாதலால் சமச்சீரும் கடப்பும் குறைவின்றி அமையும். ஆயினும் பூஜ்யம் எதனோடும் உறவாகாது, தன்னோடும் ஆகாது. தற்சுட்டு அந்த ஓரிடத்தில் தவறிவிடுவதால் பூஜ்யம் எந்த வகுப்பிலும் சேராமல் வெளியே நின்றுவிடும். இதற்குப் பரிகாரமாக, பெருக்குத்தொகை பூஜ்யமாக இருந்தாலும் உறவுதான் என்று இலக்கணத்தைத் தளர்த்தினாலோ, தற்சுட்டு கிடைக்கும், கடப்பு போய்விடும்: −1 க்கும் 0 க்கும் உறவு, 0 க்கும் 1 க்கும் உறவு, ஆனால் −1 × 1 பூஜ்யத்தைவிடச் சிறியது. சோதிப்பவர் சாதாரண எண்களை எத்தனை முறை எடுத்து வைத்துப் பார்த்தாலும் இக்குறைகள் கண்ணில் படமாட்டா. எதனோடும் சேராத உறுப்பு உண்டா, எல்லாவற்றோடும் சேரும் உறுப்பு உண்டா என்று ஓரங்களில் தேட வேண்டும்.

இனி, பகுதியில் பூஜ்யம் இருப்பினும் தொகுதியில் பூஜ்யமில்லாத (1, 0), (5, 0) போன்ற சோடிகளின் கதி என்ன? (0, 0) ஒன்றை மாத்திரம் விலக்கிவிட்டு இவற்றை அனுமதித்தால், ஆச்சரியப்படத்தக்க வகையில், மூன்று லக்ஷணங்களுமே நிலைக்கின்றன. இடையில் நிற்கும் சோடியின் பகுதி பூஜ்யமானால் அதன் தொகுதி பூஜ்யமாக இராது. எனவே குறுக்குப் பெருக்கலின்படி அதற்கு உறவான சோடிகளின் பகுதிகளும் பூஜ்யமாகவே இருந்தாக வேண்டும். அவை யாவும் தம்முள் உறவாகி ஒரு புதிய வகுப்பாகின்றன. வீழ்ப்பு வடிவியலில் இந்த வகுப்பே ஒரு கோட்டின் முடிவிலிப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் பூஜ்யத்தால் வகுபட்ட தொகையைக் கஹரம் என்று அழைத்து, அதனோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் அது மாறுவதில்லை என்று கூறியதும் இந்த வகுப்புக்குப் பொருந்துவதாகவே இருக்கிறது. பின்னங்களைக் கூட்டும் முறைப்படி (a, b), (c, d) ஆகியவற்றின் கூட்டுத்தொகை (a × d + b × c, b × d). அதன்படி (1, 0) உடன் மூன்றைக் குறிக்கும் (3, 1) ஐக் கூட்டினால், மீண்டும் (1, 0) தான் கிடைக்கிறது.

ஆனால் கூட்டலுக்குத் தனியாக ஒரு பரீட்சை உண்டு. வகுப்புகளைக் கூட்டுகிறோம் என்றால், வகுப்பிலிருந்து எந்தச் சோடியைப் பிரதிநிதியாக எடுத்தாலும் விடை ஒரே வகுப்பில் விழ வேண்டும். (1, 2) உடன் (1, 3) ஐக் கூட்டினால் (5, 6). (1, 2) க்குப் பதிலாக (2, 4) ஐ எடுத்தால் (10, 12). இரண்டும் ஒரே வகுப்பு. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டலாகாது என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் காரணமும் இதே பரீட்சையில் புலனாகும்: அம்முறைப்படி முதலில் (2, 5) என்றும், பிறகு (3, 7) என்றும் வரும், குறுக்கே பெருக்கினால் 14 உம் 15 உம் ஆகையால் அவை வெவ்வேறு வகுப்புகள், பிரதிநிதி மாறியதும் விடையே மாறிவிட்டது. சரியான கூட்டலையே கஹர வகுப்பில் செய்து பார்த்தாலும் இடையூறு நேர்கிறது: (1, 0) உடன் (1, 0) ஐக் கூட்டினால் வருவது (0, 0); அதாவது, எல்லாவற்றோடும் உறவாடுகிறதென்று நாம் விலக்கிவைத்த அதே சோடி.

ஆகவே பகுதியில் பூஜ்யம் வரலாகாது என்ற ஒரே விதிக்குள் இரண்டு வேறு காரணங்கள் அடங்கியிருக்கின்றன. (0, 0) என்ற சோடி கடப்பை முறித்துப் பிரிவினையையே குலைக்கிறது. அதை எந்தக் கணிதத்திலும் இந்த உறவுக்குள் சேர்க்க இயலாது. (1, 0) போன்றவை பிரிவினைக்கு ஊறு செய்வதில்லை. கூட்டலுக்கே ஊறு செய்கின்றன. அதனால்தான் கூட்டலை நாடாத வீழ்ப்பு வடிவியல் அவற்றை வரவேற்க, கூட்டலின்றி நடவாத எண்கணிதம் அவற்றையும் சேர்த்தே விலக்கிவிட்டது.