நீரா, சுருங்கிய நுரையீரலா?

நெஞ்சு எக்ஸ்-ரேயில் வலது பக்கத்தின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தால், பார்ப்பவர்கள் வாயில் முதலில் வருவது "நீர் கோத்திருக்கு" என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். காசநோயால் நுரையீரல் உறைக்குள் நீர் சேர்வது நம் நாட்டில் அடிக்கடி காண்கிற ஒன்று. ஆனால் அதே இடத்தில், அதே வெண்மையோடு, நீரே இல்லாமல் நுரையீரலின் ஒரு மடல் காற்றிழந்து சுருங்கிக் கிடக்கவும் கூடும். நீர் என்றால் ஊசி போட்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். சுருங்கிய மடல் இருக்கும் இடத்தில் அதே ஊசியை ஏற்றினால் நீர் வராது. நுரையீரல் குத்துப்பட்டு நெஞ்சுக்குள் காற்று கசியலாம். அந்தப் பக்க உதரவிதானம் மேலேறியிருந்தால் ஊசி கல்லீரலுக்குள்ளேயே போய்விடவும் கூடும்.

எக்ஸ்-ரேயில் காற்று கறுப்பாக விழும். நீரும் சதையும் ஏறக்குறைய ஒரே வெண்மையில் விழும். காற்று வெளியேறிய மடல் வெறும் சதைதான். ஆகவே வெண்மையை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. அதைச் சுற்றி இருப்பவை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பஸ் சீட்டில் ஒருவர் எழுந்து போனால் மற்ற இருவரும் அந்த இடத்துக்குச் சாய்ந்து பரவுவார்கள். நான்காவதாக ஒருவர் நுழைந்தால் ஒதுங்கி நெருக்கிக்கொள்வார்கள். மடல் சுருங்குவது ஒருவர் எழுந்து போவது போல. நீர் சேர்வது நான்காவது ஆள் வந்து அமர்வது போல.

நமக்கு வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. ஒரு மடலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய உறை மடிந்து ஒரு பிளவாக இறங்குகிறது. வலது பக்கத்தில் மேல் மடலையும் நடு மடலையும் பிரிக்கும் கிடைப்பிளவு, நேராக நின்று எடுத்த படத்தில் பலருக்கு மயிரிழை போன்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். நுரையீரலின் வேரிலிருந்து கிளம்பி, பக்கவாட்டில் 6-வது விலா எலும்பின் அருகே போய் முடியும். கீழ் மடலைப் பிரிக்கும் சாய்பிளவு அந்தப் படத்தில் சாதாரணமாகத் தெரியாது. எக்ஸ்-ரே கதிர் அதன் விளிம்போடு ஒட்டிப் போகாமல் குறுக்கே வெட்டிப் போவதுதான் காரணம். தெரியக்கூடாத அந்தக் கோடு ஒரு படத்தில் தெரிகிறது என்றால், பிளவு தன் இடத்தை விட்டுத் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

மடல் ஏன் சுருங்குகிறது? பெரும்பாலும் அந்த மடலுக்குக் காற்று கொண்டுபோகும் கிளைக்குழாய் அடைபடுவதால். அடைப்புக்கு அப்பால் சிக்கிக்கொண்ட காற்றை ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகிறது. புதுக்காற்று உள்ளே வர வழியில்லை. சாதாரணக் காற்றில் நைட்ரஜன் அதிகம், அது மெதுவாகத்தான் உறிஞ்சப்படும் என்பதால் மடல் முழுதும் சுருங்கச் சில மணி நேரத்துக்கு மேல் ஆகும். நோயாளி அதுவரை சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே சுருங்கிவிடலாம். அறுவை சிகிச்சைக்கூடங்களிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் இது திடீரென்று நேர்வதற்கு அது ஒரு காரணம்.

58 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முப்பது வருடமாகப் பீடி. இரண்டு மாதமாக விடாத இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மார்பின் வலது கீழ்ப்பகுதியைத் தட்டிப் பார்த்தால் மந்தமான ஒலி. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் மூச்சொலி குறைவு. நீர் இருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் தட்டியும் கேட்டும் பிரிப்பது சிரமம். எக்ஸ்-ரே எடுத்ததில் வலது அடியில் வெண்மை. "ஊசி போட்டு எடுத்துடலாமா டாக்டர்?" என்று மகன் கேட்கிறார். அவர் கேட்பதில் தவறில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஒரு லிட்டர் நீர் எடுத்தார்கள்.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது வெண்மையை அல்ல, காறை எலும்புகளை. இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அவர் படம் எடுக்கும்போது திரும்பி நின்றிருக்கிறார். மூச்சுக்குழாயும் இதயமும் நகர்ந்ததுபோல் பொய்யாகத் தெரியும். அவசரத்தில் பலர் தாண்டிப்போகும் படி இது. இங்கே தவறினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தவறும்.

இவர் நேராகத்தான் நின்றிருக்கிறார். அடுத்து வெண்மையின் ஓரத்தைப் பார்க்கிறோம். அது வேரிலிருந்து உதரவிதானம் நோக்கிச் சரிவாக இறங்கும் கூர்மையான, ஏறக்குறைய நேரான கோடு. உள்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெள்ளை, வெளிப்பக்கம் கறுப்பு. முதுகெலும்பை ஒட்டி நிற்கும் ஒரு முக்கோணம். அந்தச் சாய்கோடுதான் தெரியக்கூடாத சாய்பிளவு. சுருங்கிய கீழ் மடல் அதைப் பின்னோக்கியும் உள்நோக்கியும் இழுத்திருப்பதால் இப்போது கதிர் அதன் விளிம்போடு ஒட்டிப் போகிறது. கிடைப்பிளவும் 6-வது விலாவின் அருகே இல்லை, இறங்கியிருக்கிறது. வலது வேரும் கீழே வந்திருக்கிறது. யாருக்குமே வலது வேர் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும். இவருக்கு அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிகிறது. இதயம் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலே மிச்சமிருக்கும் நுரையீரல் இடப்பக்கத்தைவிட அதிகக் கறுப்பாகவும், ரத்தக் குழாய்கள் ஒன்றுக்கொன்று விலகியும் காணப்படுகின்றன. காலியான இடத்தை நிரப்ப அது விரிந்திருக்கிறது.

கடைசியாக விலா எலும்புகள். இரு பக்கமும் அதே எண்ணுள்ள விலாக்களை எடுத்து, இடைவெளியை ஒப்பிட வேண்டும். இவருக்கு வலப்பக்கம் கீழ் விலாக்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கின்றன. உள்ளே இடம் குறைந்ததால் நெஞ்சுச்சுவரும் உள்நோக்கி இழுபட்டிருக்கிறது. ஆனால் இந்த அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட நான் தயங்குவேன். முதுகெலும்பு வளைந்தவர்களுக்கும் விலாக்கள் ஒரு பக்கம் நெருங்கும். புதிதாகச் சுருங்கிய சின்ன மடலில் நெருங்காமலே இருக்கலாம். பிளவு நகர்ந்ததுதான் நேரடிச் சாட்சி. விலா நெருக்கம் அதற்குத் துணை நிற்பது.

இதே மனிதருக்கு நீர் சேர்ந்திருந்தால் படம் எப்படி இருந்திருக்கும்? நீர் முதலில் தேடிப்போவது மிகத் தாழ்ந்த மூலையை. உதரவிதானமும் விலாக்களும் சேரும் அந்தக் கூர்மையான மூலை மழுங்கிப்போகும். நின்று எடுக்கும் நேர்ப்படத்தில் அந்த வெளிமூலை மழுங்க ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நீராவது வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் பின்மூலை அதற்கும் குறைவான நீரிலேயே மழுங்கிவிடும். நீர் கூடக்கூட அதன் மேல்விளிம்பு பிறை வடிவில் வளைந்து, வெளிச்சுவரை ஒட்டி உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் தெரியும். சுருங்கிய கீழ் மடலில் வெண்மை உள்பக்கம் குவிந்திருக்கும், வெளிமூலை பெரும்பாலும் கூர்மையாகவே நிற்கும். நீரில் நேர்மாறு. நீர் ஒரு லிட்டரைத் தாண்டும்போது இதயத்தையும் மூச்சுக்குழாயையும் எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்கும், விலாக்களின் இடைவெளி அகலும்.

ஒரு பக்கம் முழுவதுமே வெளுத்துப்போன படங்களில் இந்தத் தள்ளலும் இழுப்பும்தான் முதல் கேள்வி. மூச்சுக்குழாய் வெண்மையை நோக்கி இழுபட்டிருந்தால் நுரையீரல் முழுதும் சுருங்கியிருக்கிறது. எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் நீர். நடுவிலேயே நின்றால் நிம்மதி அடையக் கூடாது. உள்ளே இழுப்பும் தள்ளலும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்று அதற்குப் பொருள் இருக்கலாம். புற்றுக்கட்டி ஒன்று குழாயை அடைத்து நுரையீரலைச் சுருக்கி, உறையில் நீரையும் சேர்த்திருக்கும்போது இப்படி நிகழும்.

படுத்த நிலையில் எடுத்த படத்தில் இந்த அடையாளங்களில் பாதி காணாமல் போய்விடும். எழுந்து நிற்க முடியாத நோயாளிகளுக்குப் படுக்கையிலேயே எடுப்பார்கள். நீர் அப்போது முதுகுப்பக்கம் பரவிப் படிந்துவிடும்; பிறையும் இல்லை, தெளிவான விளிம்பும் இல்லை, ஒரு பக்கம் முழுதும் மங்கல் மட்டும் தெரியும். அந்த மங்கலுக்குள்ளே ரத்தக் குழாய்கள் இன்னும் தெரிந்தால் நீராக இருக்க வாய்ப்பு அதிகம்.

சந்தேகம் தீராதபோது அல்ட்ராசவுண்ட் சில நிமிடங்களில் தீர்த்துவைக்கும். நீர் கறுப்பு இடைவெளியாகத் தெரியும், சுருங்கிய நுரையீரல் கல்லீரல் போன்ற கெட்டிச் சதையாகத் தெரியும். ஊசி போடுவதாக இருந்தாலும் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று அதுவே காட்டிவிடும். எக்ஸ்-ரேயை மட்டும் பார்த்து ஊசி ஏற்றும் பழக்கம் அல்ட்ராசவுண்ட் கிடைக்கும் இடத்தில் தொடர வேண்டியதே இல்லை.

நம் 58 வயதுக்காரருக்கு அல்ட்ராசவுண்டில் நீர் இல்லை. ஆகவே கேள்வி மாறுகிறது: குழாயை அடைத்தது எது? வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் என்றால் கெட்டிச்சளியைத்தான் முதலில் நினைப்போம். வலியை அடக்கி, இருமவைத்து, மூச்சுப்பயிற்சி கொடுத்தாலே மடல் பெரும்பாலும் விரிந்துவிடும். நான்கு வயதுக் குழந்தை என்றால் வேர்க்கடலையோ, புளியங்கொட்டையோ, பாசிமணியோ உள்ளே போனதா என்று கேட்போம். அல்லது காசநோயால் வீங்கிய நிணநீர்க் கணு குழாயை வெளியிலிருந்து நெரிக்கிறதா என்று பார்ப்போம். முப்பது வருடம் பீடி குடித்தவருக்கு மாறாகச் சொல்லும் ஆதாரம் கிடைக்கும் வரை கட்டி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 1925-ல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ராஸ் கோல்டன் இதற்கு ஒரு வடிவத்தை எழுதிவைத்தார். வலது மேல் மடல் சுருங்கிக் கிடைப்பிளவை மேலே இழுக்கும்போது, வேரருகே உள்ள கட்டி அந்தக் கோட்டின் உள்முனையைக் கீழ்நோக்கிப் புடைக்கவைக்கும். கோடு தலைகீழ் எஸ் போல வளையும். கட்டியை நேராகப் பார்க்க முடியாத படத்திலும் அந்த வளைவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிப்பட்டவருக்கு நிமோனியா என்று எழுதி ஆன்டிபயாடிக் கொடுத்து, மாதம் கழித்து வரச்சொல்லி, மறுபடி வேறு ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நிமோனியாவில் காற்றறைகள் சீழும் நீரும் நிறைந்து வெளுக்கும். மடல் பெரிதாகச் சுருங்காது, பிளவு பெரும்பாலும் தன் இடத்திலேயே இருக்கும். பிளவு நகர்ந்திருக்கிறது என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால் அடுத்தது சி.டி. ஸ்கேன். அதன் பிறகு பிராங்கோஸ்கோபி: வளையும் மெல்லிய குழாயை மூக்கு அல்லது வாய் வழியாக இறக்கி, அடைபட்ட கிளையின் வாயை நேரில் பார்த்து, சந்தேகமான சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். இவருக்கு வலது கீழ்க்கிளையின் வாயில் ஒரு சதை வளர்ச்சி இருந்து, அது புற்று என்று உறுதியானால், எந்த வகை, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அறுவை சிகிச்சையா, மருந்தா, கதிர்வீச்சா என்ற முடிவு எடுக்கப்படும். அந்தக் கணக்கில், நீர் என்று நினைத்துக் கழித்த வாரங்களும் சேர்ந்தே வரும்.