லீவரேஜைக் கூட்டினால் லாபம் கூடாது, தெரியுமா?

பிட்காயின் ஃபியூச்சர்ஸில் 5 மடங்கு லீவரேஜ் வைத்தாலும் 20 மடங்கு வைத்தாலும் லாபமும் நஷ்டமும் ஒரே தொகைதான் என்றால் நம்புவீர்களா? எவ்வளவுக்கு வாங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால், நிஜமாகவே அப்படித்தான்!

ஒருவர் கணக்கில் 10,000 டாலர் இருக்கிறது. ஒரு டிரேடில் 100 டாலருக்கு மேல் இழக்க மாட்டேன் என்கிறார். பிட்காயின் விலை 60,000 டாலர். ஸ்டாப் லாஸ் 2 சதவீதம் கீழே, 58,800-இல். 5,000 டாலருக்கு வாங்கினால், 2 சதவீதம் சரியும்போது போவது 100 டாலர். ஆக, பொசிஷன் 5,000. இந்தக் கணக்கில் லீவரேஜ் எங்கேயாவது வந்ததா? வரவே இல்லை! எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் ஃபண்டிங்கும்கூட அந்த 5,000 டாலருக்குத்தான் போடுவார்கள்.

பிறகு எதற்கு அந்த லீவரேஜ் பட்டன்? எக்ஸ்சேஞ்ச் பிடித்துவைக்கும் மார்ஜினை மாற்றத்தான். 5 மடங்கு என்றால் 1,000 டாலர் முடங்கும். 50 மடங்கு என்றால் வெறும் 100. மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஐசோலேட்டட் முறையில், சரிவைத் தாங்குவது அந்த மார்ஜின் மட்டுமே! மெயின்டனன்ஸ் மார்ஜின் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 5 மடங்கில் லிக்விடேஷன் விலை சுமார் 48,200. 20 மடங்கில் அது 57,300-க்கு ஏறிவிடும். 50 மடங்கில்? 59,100!

கவனித்தீர்களா, ஸ்டாப் லாஸ் இருப்பது அதற்கும் கீழே, 58,800-இல்! விலை அங்கே போய்ச் சேருமுன்பே பொசிஷன் காலி. அதுவரை சரிந்தது 1.5 சதவீதம்தான், நஷ்டம் 75 டாலர்தான். மீதி 25 டாலராவது திரும்பி வருமா? பல எக்ஸ்சேஞ்சுகளில் லிக்விடேஷன் கட்டணமாகவோ இன்ஷூரன்ஸ் ஃபண்டுக்கோ அதுவும் போய்விடும். விலை 59,000-இலிருந்து திரும்பி மேலே பறந்தால், வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஸ்டாப் போட்டும் பலனில்லாத கொடுமை இது!

கிராஸ் மார்ஜினில் கதை வேறு. அங்கே மொத்த இருப்பும் முட்டுக்கொடுப்பதால் லீவரேஜ் எண்ணை மாற்றினாலும் லிக்விடேஷன் விலை பெரிதாக நகராது. ஆனால் ஆபத்தில் நிற்பது மொத்தக் கணக்கும்.

அப்படியானால் அதிக லீவரேஜால் பயனே இல்லையா? உண்டு. பணத்தை எக்ஸ்சேஞ்சில் குவிக்காமல் வெளியே வைக்கலாம். இன்னொரு பொசிஷனுக்கும் இடம் கிடைக்கும். அவ்வளவுதான். வேகமான சரிவில் ஸ்டாப் ஆர்டர் சொன்ன விலையில் நிறைவேறாமல் வழுக்கும் என்பதால், ஸ்டாப் தூரத்தைப் போல் இரு மடங்காவது தள்ளி லிக்விடேஷன் இருப்பது நல்லது. நம் கணக்கில் சுமார் 20 மடங்குதான் அதற்கு எல்லை. என்னைக் கேட்டால் 5 போதும். அடுத்த முறை ஆர்டர் போடுமுன், திரையில் காட்டும் லிக்விடேஷன் விலையையும் உங்கள் ஸ்டாப்பையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!