அகலத்தை மறக்க ஒரு வழி

சர்வதேசத் தர அளவில் வரும் தபால் கவர்களில் எட்டு வகையை மேசையில் பரப்பி வைத்துக்கொள்வோம். குறுகிய பக்கத்தை அகலம் என்றும் நீண்ட பக்கத்தை உயரம் என்றும் வைத்தால், மில்லிமீட்டரில் அவற்றின் அளவுகள் இவை: டிஎல் 110×220, சி6 114×162, சி6/5 114×229, பி6 125×176, சி5 162×229, பி5 176×250, சி4 229×324, பி4 250×353. ஒன்றுக்குள் ஒன்றாக, அதற்குள் இன்னொன்றாக, எதையும் மடிக்காமல் திருப்பாமல் போட்டுக்கொண்டே போனால் அதிகபட்சம் எத்தனை கவர்களை அடுக்கலாம்? ஒரு கவர் இன்னொன்றுக்குள் போக வேண்டுமானால் அகலம், உயரம் இரண்டுமே குறைவாக இருக்க வேண்டும். ஒன்று சமமாக இருந்தாலும் போகாது.

லீட்கோட் தளத்தில் 354ஆம் எண்ணில், ரஷ்யப் பொம்மைகளின் பெயரோடு இருக்கும் கணக்கு இதுதான். நிரல் எழுதிப் பழகுகிறவர்கள் பலர் இதில் முட்டி நிற்பார்கள்.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, ஆகச் சிறியதில் தொடங்கி, பொருந்தும் அடுத்த கவரை எடுத்துக்கொண்டே போவது. அகலம் குறைந்தது டிஎல். அது சி6/5-க்குள் போகும். சி6/5 அடுத்து சி5-க்குள் போகாது, இரண்டின் உயரமும் 229. ஆகவே பி5, பிறகு சி4, பிறகு பி4. மொத்தம் ஐந்து. ஆனால் டிஎல்லைத் தொடாமலேயே விட்டுவிட்டு சி6, பி6, சி5, பி5, சி4, பி4 என்று போனால் ஆறு கிடைக்கிறது. டிஎல் ஒல்லியானது, ஆனால் நெட்டையானது. அதை எடுத்த கணமே குட்டையான கவர்கள் எல்லாம் கைவிட்டுப் போகின்றன. எதை விடுவது என்பது பின்னால் வருவதைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒவ்வொரு கவரையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எட்டுக் கவருக்கு அது சரி. ஒரு லட்சம் கவர் இருந்தால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள். நிரல் முடியும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் வரிசைப்படுத்தும் தந்திரம் வருகிறது. கவர்களை அகலத்தின்படி ஏறுவரிசையில் வைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால், இடமிருந்து வலமாகப் போகும்போது அகலம் ஒருபோதும் குறையாது. அதற்குப் பிறகு உயரங்களை மட்டும் எழுதி, அதில் ஏறிக்கொண்டே போகும் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடித்தால் போதும். இடையில் உள்ளவற்றை விட்டுவிடலாம், ஆனால் வரிசையை மாற்றக் கூடாது.

ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. சி6, சி6/5 இரண்டுக்கும் அகலம் 114. இவற்றை 162, 229 என்று உயரமும் ஏறுமுகமாக இருக்கும்படி வைத்தால், தேடும் நிரல் இரண்டையும் ஒரே தொடரில் சேர்த்துவிடும். அகலத்தை அது பார்ப்பதே இல்லையே! ஆகவே அகலம் சமமாக இருக்கும் இடத்தில் மட்டும் உயரத்தை இறங்குவரிசையில் வைக்கிறோம்: முதலில் 229, அப்புறம் 162. ஒரே அகலமுள்ள கவர்களின் உயரங்கள் இப்போது ஏறவே முடியாது; அதனால் எந்த ஏறுமுகத் தொடரிலும் அவற்றில் ஒன்றுக்கு மேல் இடம்பெறாது. இவ்வளவையும் ஒரு கழித்தல் குறி செய்துவிடுகிறது.

நம் எட்டுக் கவர்களின் உயரங்கள் இப்படி நிற்கும்: 220, 229, 162, 176, 229, 250, 324, 353.

இதில் நீண்ட தொடரின் நீளத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொள்கிறோம். அதன் முதல் இடத்தில், ஒரு கவர் கொண்ட தொடர்களில் எது மிகக் குட்டையாக முடிகிறதோ அந்த உயரம். இரண்டாம் இடத்தில், இரண்டு கவர் கொண்ட தொடர்களில் மிகக் குட்டையாக முடிவதன் உயரம். இப்படியே மேலே. குட்டையாக முடிகிற தொடருக்குத்தான் இன்னும் வளர இடம் அதிகம். புதிய உயரம் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரிதானால் கடைசியில் சேரும். இல்லையென்றால், தன்னைவிடச் சிறிதல்லாத முதல் எண்ணின் இடத்தில் போய் உட்காரும்.

220 வந்ததும் பட்டியல் [220]. 229 சேர்ந்து [220, 229]. அடுத்து 162 வந்து 220-ஐ அகற்றுகிறது: [162, 229]. 176 வந்து 229-ஐ அகற்றுகிறது: [162, 176]. பிறகு 229, 250, 324, 353 வரிசையாகக் கடைசியில் சேர்கின்றன. நீளம் ஆறு.

பட்டியல் எப்போதும் ஏறுமுகமாகவே இருப்பதால், புதிய எண்ணுக்கான இடத்தைப் பாதி பாதியாக வெட்டித் தேடலாம். லட்சம் கவர் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 17 ஒப்பீடுகள், மொத்தம் 17 லட்சத்துக்குள் முடிந்துவிடும். வரிசைப்படுத்தும் வேலையும் அதே அளவில்தான் இருக்கும். ஏறுமுக, இறங்குமுகத் தொடர்களைப் பற்றி கிரெய்க் ஷென்ஸ்டெட் 1961இல் எழுதிய கட்டுரையிலேயே இப்படி இடம் மாற்றி வைக்கும் முறை இருக்கிறது. பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
from bisect import bisect_left

def chain(env):
    ends = []
    for w, h in sorted(env, key=lambda e: (e[0], -e[1])):
        i = bisect_left(ends, h)
        ends[i:i+1] = [h]
    return len(ends)
```

நடுவில் வந்த [162, 229] என்ற நிலையை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். 162 என்பது சி6, 229 என்பது சி6/5. இரண்டுக்கும் ஒரே அகலம், ஒன்று மற்றொன்றுக்குள் போகாது. அப்படியென்றால் பட்டியல் தவறா? இல்லை. முதல் எண் ஒரு தொடரின் முடிவு, இரண்டாவது எண் வேறொரு தொடரின், அதாவது டிஎல்லும் சி6/5-உம் சேர்ந்த தொடரின் முடிவு. பட்டியலின் நீளத்தை நம்பலாம், அதில் உள்ள எண்களையே விடை என்று அச்சிடக் கூடாது. எந்தெந்தக் கவர் என்று வேண்டுமானால், ஒவ்வொரு கவரும் எதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது என்பதைத் தனியே குறித்துக்கொண்டு, கடைசியிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

கழித்தல் குறியை மறந்துவிட்டால் என்ன ஆகும்? அதே எட்டுக் கவரில் ஓட்டிப் பாருங்கள்: அப்போதும் ஆறுதான் வருகிறது! தவறு ஒளிந்துகொள்கிறது. டிஎல், பி6, சி5 மூன்றையும் எடுத்துவிட்டு மிச்சமுள்ள ஐந்தில் ஓட்டினால்தான் வெளியே வரும். சரியான விடை நான்கு. பிழையான நிரல் ஐந்து என்று சொல்லும், சி6-ஐ சி6/5-க்குள் திணித்துவிட்டு. `bisect_left` இருக்க வேண்டிய இடத்தில் `bisect_right` போட்டாலும் இதே கதைதான். சம உயரத்தையும் ஏற்றம் என்று அது எண்ணும். எட்டுக் கவரில் அதற்கும் ஆறே வரும். சி6/5, சி5, பி5 மூன்றை மட்டும் கொடுத்தால், இரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று வரும். ஆகவே சோதிக்கும்போது பெரிய பட்டியலைவிட, ஒரே அகலமுள்ள இரண்டு கவர், ஒரே உயரமுள்ள இரண்டு கவர் என்று சின்னச் சின்னதாகக் கொடுத்துப் பார்ப்பதே பயன் தரும்.

கவருக்குப் பதில் நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள அட்டைப்பெட்டிகள் என்றால் இந்த வழி அப்படியே நடக்காது. ஒரு அளவை வரிசைப்படுத்தித் தீர்த்தாலும் இரண்டு அளவுகள் மிஞ்சும். ஒரு தொடர் 10×20-இல் முடிகிறது, இன்னொன்று 20×10-இல் முடிகிறது என்றால், எது சிறிய முடிவு என்று சொல்ல வழியில்லை. ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொள்ளும் அந்தச் சிறு பட்டியல் அங்கே போதாது. ஜோடி ஜோடியாக ஒப்பிடும் பழைய வழிக்கோ, இதைவிடச் சிக்கலான தரவு அமைப்புகளுக்கோதான் போக வேண்டும்.